நீராவிக் குழாய்க்குள் ஏறும் பால்

காபி மெஷினில் பாலை நுரைத்து முடித்து நீராவித் திருகை மூடும் நொடியில், கண்ணில் படாமல் ஒரு காரியம் நடக்கிறது. ஜக்கில் இருக்கும் பாலில் கொஞ்சம் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அதை உறிஞ்ச எந்த மோட்டாரும் இல்லை. சில துளிகள்தான். குழாயின் வெளியே ஒட்டிய பாலை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். உள்ளே ஏறியது துணிக்கு எட்டாது. கஃபேக்களிலும், இப்போது வீட்டுச் சமையலறைகளிலும், நீராவிக் குழாய் அடைத்துக்கொள்வதற்கு நான் பார்த்தவரை இந்தச் சில துளிகள்தான் பெரும்பாலும் காரணம்.

எஸ்பிரஸோ மெஷினின் பக்கவாட்டில் விரல் பருமனில் ஒரு எவர்சில்வர் குழாய் தொங்கும். ஸ்டீம் வாண்ட் என்பார்கள். அதன் நுனியில் திருகிப் பொருத்திய சிறு முனை ஒன்று இருக்கும். அந்த முனையில் ஒன்று முதல் நான்கு வரை ஊசித்துளைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவு. பாய்லரில் அடைபட்டிருக்கும் நீராவி இந்தத் துளைகளின் வழியே சீறி வந்து பாலைச் சூடாக்கிச் சுழற்றுகிறது. ஏற்பாடு பழையதுதான். மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா 1901-ல் நீராவி அழுத்தத்தைக் கொண்டு காபி இறக்கும் மெஷினுக்குக் காப்புரிமை கேட்டார். அதை வாங்கித் தொழிலாக்கியவர் டெஸிடெரியோ பவோனி. பாய்லர் நீராவியைப் பாலுக்கென்று தனிக் குழாயில் திருப்பிவிட்டதை அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். 1906-ல் மிலானில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த மெஷினைக் காட்சிக்கு வைத்தார்கள். அதன்பிறகு காபி இறக்கும் முறை எத்தனையோ மாறிவிட்டது. பாலுக்குள் ஆவியை ஊதும் குழாய் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

பால் ஏன் உள்ளே ஏறுகிறது? கடை மெஷின்களின் பாய்லரில் அழுத்தம் சாதாரணமாக 1 முதல் 1.5 பார் வரை காட்டும். அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். திருகு திறந்திருக்கும்வரை ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் பால் எட்டிப் பார்க்க முடியாது. திருகை மூடியதும் குழாய்க்குள் எஞ்சிய ஆவிக்குப் பின்னாலிருந்து தள்ளும் பலம் போய்விடுகிறது. சுற்றிலும் காற்றும், கீழே 60 டிகிரியில் பாலும் இருக்க, அந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். திரும்பித் தண்ணீராகும்போது அந்த இடமெல்லாம் காலியாகிவிடும். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. முனை அப்போது பாலுக்குள் மூழ்கியிருந்தால் காலியான இடத்துக்குள் பால்தான் போக வேண்டும்.

அப்படியானால் முனையைப் பாலுக்கு வெளியே எடுத்துவிட்டுத் திருகை மூடினால் என்ன என்று கேட்கலாம். சீறும் ஆவி பால் பரப்பைக் கிழித்துச் சூடான பாலைக் கை, முகம், மேடை எங்கும் தெறிக்கவிடும். செய்த நுரையும் பாழாகும். ஆகவே பாலுக்குள் வைத்தே மூட வேண்டியிருக்கிறது. சில துளி உள்ளே போவதைத் தவிர்க்கவும் முடியாது. மூடிய கையோடு ஜக்கைக் கீழிறக்கிவிட்டால் போவது குறையும். மூடிவிட்டு, முனை பாலிலேயே கிடக்க, வாடிக்கையாளரிடம் சர்க்கரை வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டு நின்றால் கூடும்.

உள்ளே போன பால் அங்கே என்ன ஆகிறது என்பது பால் காய்ச்சும் எல்லோருக்கும் பாதி தெரிந்த விஷயம். பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. பாலில் உள்ள புரதங்களில் பெரும்பங்கு கேசீன். அது சூட்டை நன்றாகவே தாங்கும். தயிர் பிரியும்போது தெளிநீரில் போகும் மோர்ப்புரதங்கள் அப்படி இல்லை. அவற்றில் முக்கியமானது பீட்டா-லாக்டோகுளோபுலின். 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அதன் மடிப்புகள் பிரிந்து, எதிர்ப்பட்ட உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலில் கரைந்திருக்கும் கால்சியம் பாஸ்பேட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சூடு ஏற ஏறக் கரையும் சக்தி குறைந்து, அதுவும் உலோகத்தின்மேல் வந்து படியும். முதலில் வருவது மெல்லிய வெள்ளைப் படலம். அடுத்த கோப்பைக்கு 120 டிகிரி ஆவி அதன் மேலே பாயும்போது படலம் சுடப்படுகிறது. பாலின் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறுகின்றன. கோவா கிண்டும்போது நிறம் மாறுவதும் இதே வினையால்தான். வழவழப்பான எவர்சில்வரில் ஒட்டச் சிரமப்பட்ட பால், சொரசொரப்பான இந்தப் பழைய படிவில் சுலபமாக ஒட்டுகிறது. அதனால் முதல் வாரத்தில் படிவது கொஞ்சம், அடுத்தடுத்த வாரங்களில் படிவது அதைவிட அதிகம். பால் பதனிடும் ஆலைகளில் இதைப் பால்கல் என்பார்கள். அங்கே இதை நீக்குவதற்கென்றே உற்பத்தியை நிறுத்தி வைப்பார்கள்.

கோவையில் ஒரு சிறிய கஃபே. இரண்டு பேர் காபி இறக்கும் அளவு மெஷின், நாலு துளை முனை. 300 மில்லி பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 60 டிகிரிக்குக் கொண்டுவர முன்பெல்லாம் 25 வினாடி ஆகும். அது மெல்ல மெல்ல நீண்டு முக்கால் நிமிஷத்தை நெருங்கியது. நுரையும் கெட்டது. பளபளவென்று பெயின்ட்போல வழிய வேண்டிய பால், மேலே பெரிய குமிழிகளும் கீழே வெறும் சூட்டுப்பாலுமாகப் பிரிந்தது. கடை உரிமையாளர் பாய்லரின் ஹீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். நான் அன்று அங்கே காபி குடிக்கப் போயிருந்தேன்.

மெக்கானிக் பெட்டியையே திறக்கவில்லை. "பிரஷர் மீட்டரைப் பாருங்க. ஒண்ணு புள்ளி ரெண்டுல அசையாம நிக்குது. பாய்லர்ல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றார். குழாயைச் சொட்டுத் தட்டின் பக்கம் திருப்பி, கறுப்பு ஏப்ரனைப் பின்னால் பிடித்துக்கொண்டு திருகைத் திறந்தார். நாலு கோடாகப் பிரிந்து வர வேண்டிய ஆவி இரண்டு கோடாக வந்தது. மூன்றாவது பக்கத்தில் மெலிந்து கோணலாக ஒரு புகை. நாலாவது துளையில் ஒன்றுமே இல்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு முகம் வாடிவிட்டது. "தெனமும் தொடைச்சுத்தான்ணா வைக்கிறேன்."

"தொடைச்சது தெரியுது தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கு. ஊதி விட்டியா?"

விட்டதில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. ஊதினால் சத்தம் வருகிறது, மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று முன்பு இருந்தவர் அந்தப் பழக்கத்தையே விட்டிருந்தார். குழாய் ஆறியபின் மெக்கானிக் முனையைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்பக்கம் காய்ந்த வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தது. நாற்றம் பழைய பால்பவுடரையும் புளித்த பாலாடைக்கட்டியையும் சேர்த்து முகர்ந்த மாதிரி. அடைத்த துளையின் பின்னால் மிளகளவுக்கு ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு சிறிய படிவு வேகத்தைப் பாதியாக்குமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 மில்லி பாலை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 64 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீராவி பாலுக்குள் தண்ணீராகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் கொடுக்கும். அப்படியானால் கிட்டத்தட்ட 26 கிராம் நீராவி உள்ளே போக வேண்டும். 25 வினாடியில் முடிக்க, வினாடிக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக ஆவி வர வேண்டும். பாய்லர் அழுத்தம் மாறாதவரை, வரும் ஆவியின் அளவைத் துளைகளின் மொத்தப் பரப்புதான் தீர்மானிக்கிறது. 1.2 மில்லிமீட்டர் துளையின் விளிம்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குப் படிவு ஏறினால் விட்டம் 1 மில்லிமீட்டராகக் குறையும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பரப்பிலோ முப்பது சதவீதம் போய்விடும். இதோடு ஒரு துளை முழுக்க அடைத்து, இன்னொன்று பாதி அடைத்தால், 25 வினாடி வேலை முக்கால் நிமிஷத்துக்கு நீள்வதில் ஆச்சரியமே இல்லை.

நேரம் போவதைவிட நுரை கெடுவதுதான் கடைக்காரருக்கு வலிக்கும். நல்ல நுரைக்கு முதல் சில வினாடி காற்று சேர வேண்டும், பிறகு பால் ஒரு திசையில் சுழன்று பெரிய குமிழிகளை உடைத்துப் பொடியாக்க வேண்டும். துளைகளின் கோணம் அந்தச் சுழலுக்காகவே அமைக்கப்பட்டது. ஒரு பக்கத் துளை அடைத்தால் சுழல் மையம் விலகும். ஜக்கை எப்படிச் சாய்த்தாலும் சரியான இடம் பிடிபடாது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பதுண்டு. வேறு அறிகுறிகளும் வரும். பாலில் எப்போதாவது பழுப்புத் துகள் மிதக்கும். சர்க்கரை போடாத பாலில் இலேசான புளிப்பு வாடை வீசும். வழக்கமான சீறல் மெலிந்து விசில் மாதிரிக் கிறீச்சிடும்.

சுகாதாரம் பற்றிய கேள்வி ஒன்று அடிக்கடி வரும். 120 டிகிரி ஆவி போகிற பாதையில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? ஆவி பாய்வது ஒரு கோப்பைக்கு அரை நிமிஷம். மீதி நேரமெல்லாம் குழாய் ஆறி, இளஞ்சூட்டில், ஈரமான பால் கட்டியோடு நிற்கிறது. பால் பதனிடும் சூட்டைத் தாங்கும் வித்துகளை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. பேசில்லஸ் வகை அதில் சேரும். தடித்த படிவின் உட்பகுதி, மேலே ஓடும் ஆவியின் முழுச் சூட்டையும் பெறுவதில்லை. ஆவி எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நம்பிப் படிவை விட்டுவைப்பது தவறான கணக்கு.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பால் வைப்பதற்கு முன்னாலேயே முனையைச் சொட்டுத் தட்டுக்கு மேலே நிறுத்தி, திருகைத் திறந்து இரண்டு வினாடி ஊதவிட வேண்டும். சும்மா நின்ற குழாயில் ஆவி குளிர்ந்து தேங்கிய தண்ணீர் முதலில் துப்பும், பிறகு உலர்ந்த ஆவி வரும். உலர்ந்த ஆவி வந்ததும் மூடிவிட்டுப் பாலுக்குள் இறக்கலாம். இந்தத் தண்ணீர் பாலில் கலந்தால் ஏற்கெனவே ஆவியால் சேரும் 26 கிராமோடு இதுவும் சேர்ந்து பாலை நீர்க்கவைக்கும்.

நுரைத்து முடிந்தபின் திருகை முழுக்க மூடி, ஜக்கை உடனே இறக்கிக் கீழே வைக்க வேண்டும். அடுத்த வேலை துணி. ஈரமான, பல மடிப்பாக மடித்த துணியால் மேலிருந்து முனை வரை ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். குழாய் சுடச்சுட இருப்பதால் வெளியே ஒட்டிய பால் சில வினாடியிலேயே காய்ந்து கெட்டியாகும். அதன்பிறகு சுரண்டத்தான் வேண்டும். துடைத்த கையோடு துணியை முனையின்மேல் தளர்வாகச் சுற்றி, விரல்களைத் துளைகளுக்கு நேரே வைக்காமல், திருகைச் சட்டென்று முழுக்கத் திறந்து ஓரிரு வினாடி ஊதவிட வேண்டும். மெல்லத் திறந்தால் பலன் குறைவு. உள்ளே நிற்கும் பாலை வெளியே தள்ளத் திடீர் வேகம் வேண்டும். ஊதும்போது வெள்ளையாகத் துணியில் படிவதைப் பார்த்தால், துடைத்தது மட்டும் ஏன் போதாது என்று விளங்கிவிடும். வெளியே வந்த பால் முனையில் மறுபடி ஒட்டியிருக்கும். அதையும் துடைத்தால் வேலை முடிந்தது. மொத்தம் பத்து வினாடிகூட ஆகாது.

துடைத்துவிட்டு ஊதுவதா, ஊதிவிட்டுத் துடைப்பதா என்று காபிக் கடைக்காரர்களிடையே வாதம் உண்டு. என் கருத்தில் இரண்டையும் பத்து வினாடிக்குள் செய்தால் எது முன்னே என்பது பெரிய விஷயமில்லை. துடைத்துவிட்டு, ஊதுவதை அடுத்த கோப்பைக்குத் தள்ளிவைப்பதுதான் கெடுதல். அடுத்த கோப்பைக்கு முன் ஊதத்தானே போகிறோம் என்று தோன்றும். அதற்குள் அரை மணி போயிருந்தால் உள்ளே இருந்த பால் காய்ந்துவிட்டிருக்கும். ஊதினால் தண்ணீர்தான் வரும். உலக பாரிஸ்டா போட்டியின் மதிப்பெண் தாள்களில், நுரைப்பதற்கு முன் ஊதினாரா, நுரைத்தபின் துடைத்து ஊதினாரா என்று தனித்தனியே குறிக்கக் கட்டங்கள் இருந்திருக்கின்றன. கப்புச்சீனோவின் ருசிக்கு மதிப்பெண் போடும் மேடையில் இதையும் எண்ணியிருக்கிறார்கள்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய்க்கென்று ஒரு துணி. மேடை துடைப்பது, காபித் தூள் தட்டுவது எல்லாம் வேறு துணியில் இருக்க வேண்டும். பால் ஊறிய துணி காலையிலிருந்து இரவு வரை இளஞ்சூட்டில் கிடந்தால், துடைக்கத் துடைக்க அழுக்கைத்தான் பூசுகிறோம். கூட்டம் உள்ள கடையில் அடிக்கடி அலசி, சில மணிக்கொரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

தினமும் ஊதினாலும் மெல்லிய படலம் சேரத்தான் செய்யும். ஆகவே கடைகளில் தினமும் இரவில், வீட்டில் வாரம் ஒரு முறையாவது முனையைக் கழற்றிக் கழுவ வேண்டும். குழாய் முழுக்க ஆறியிருக்க வேண்டும், மெஷினில் அழுத்தம் இருக்கக் கூடாது. சில முனைகள் கையாலேயே சுழன்றுவிடும், சிலவற்றுக்கு ஸ்பானர் வேண்டும். கழற்றும்போது உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம் எங்கே இருந்தது என்று பார்த்து வையுங்கள். அது விழுந்து தொலைந்தால் மறுநாள் முனையின் கழுத்திலிருந்து ஆவி கசியும்.

முனையை ஊறவைக்க எது நல்லது என்றால் பலரும் வினிகர் என்பார்கள். பால்கல்லுக்கு அதை முதலில் போடுவது தலைகீழ் வேலை. படிவில் புரதமும் கொழுப்பும்தான் மேலே இருக்கின்றன. அமிலம் புரதத்தைக் கரைக்காது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பது காரம். பால் ஆலைகளில் பொதுவாக முதலில் தண்ணீரால் அலசி, அடுத்து காஸ்டிக் சோடா கரைசலை ஓடவிட்டு, பிறகு எஞ்சிய தாதுப் படிவுக்கு அமிலம் ஓடவிடுகிறார்கள். காபி மெஷின் கடைகளில் பால் குழாய்க்கென்றே விற்கும் திரவங்களும் காரம், அமிலம் என இரு வகையில் கிடைக்கும். வீட்டில் காஸ்டிக் பக்கம் போக வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் விட்டு அரை மணி ஊறவைத்தாலே புதிய படலம் உரிந்துவிடும். வெள்ளையாக மாவு மாதிரி இன்னும் ஒட்டியிருந்தால், நன்றாக அலசியபின் சிட்ரிக் அமிலக் கரைசலில் சிறிது நேரம் போடலாம். முலாம் பூசிய பித்தளை முனையை அமிலத்தில் நெடுநேரம் விடக் கூடாது.

கோவைக் கடையில் மெக்கானிக் அப்படித்தான் செய்தார். காரத் திரவத்தில் முனை ஊறிக்கொண்டிருக்க, குழாயின் உள்ளே மெல்லிய நைலான் பிரஷை நுழைத்து எடுத்தார். பிறகு ஊக்கின் கூர்முனையால் ஒவ்வொரு துளையையும் வெளியிலிருந்து உள்பக்கமாகக் குத்தினார். முனை கழன்றிருந்ததால் கட்டிகள் பின்பக்கத் திறப்பு வழியே உதிர்ந்தன. முனையை மாட்டியபடியே குத்தினால் கட்டி உள்ளே விழும். அடுத்த முறை ஆவி திறக்கும்போது அதே கட்டி திரும்பி வந்து துளையில் உட்காரும், இல்லாவிட்டால் யாருடைய கோப்பையிலாவது விழும். துளையைத் துரப்பணம் போட்டு அகலமாக்கும் யோசனை சிலருக்கு வரும். துளை பெரிதானால் சின்ன பாய்லரால் ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் பாதியிலேயே இறங்கிவிடும். முனையை மாட்டி, பத்து வினாடி வெறுமனே ஊதவிட்டு, பிறகு தண்ணீரை நுரைத்துப் பார்த்தார். நாலு கோடும் வந்தன. பால் 26 வினாடியில் முடிந்தது.

வீட்டு மெஷின்களில் சிலவற்றின் குழாய்க்கு மேலே பிளாஸ்டிக்கிலோ எவர்சில்வரிலோ ஒரு உறை இருக்கும். பனரெல்லோ என்பது அதன் பெயர். அதன் மேற்பகுதியில் காற்றை இழுக்க ஒரு சிறு துளை உண்டு. நுரைக்கத் தெரியாதவர்களுக்கும் நுரை வரவைப்பது அந்தத் துளைதான். பால் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. உறைக்கும் உள்குழாய்க்கும் நடுவே தேங்கும் பாலை ஊதினாலும் முழுக்க வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றி, இரண்டையும் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நுரை திடீரென்று வருவதே இல்லை, வெறும் சூட்டுப்பால்தான் வருகிறது என்றால் முதலில் அந்தக் காற்றுத் துளையைப் பாருங்கள்.

நம் ஊர்க் கல்யாண வரவேற்புகளில் எஸ்பிரஸோ காபி என்று ஒன்று தருவார்களே, அதிலும் இதே குழாய்தான். கோப்பையில் பால், இன்ஸ்டன்ட் காபித் தூள், சர்க்கரை போட்டு நேராக ஆவியை ஊதி, மேலே சாக்லேட் தூள் தூவுவார்கள். ஒரு கோப்பையிலிருந்து எடுத்த குழாய் துடைக்காமலே அடுத்ததில் இறங்கும். தொடர்ந்து ஊதிக்கொண்டிருக்கும்வரை பெரிய கெடுதல் வராது. ஒவ்வொரு ஊதலும் முந்தையதை வெளியே தள்ளிவிடும். ஆனால் பந்தி ஓய்ந்து, மெஷினைக் கழுவாமல் வண்டியில் ஏற்றி, அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் திறக்கிறார்கள் என்றால் முதல் கோப்பையை நான் வாங்கமாட்டேன்.

கஃபேக்களில் சோயா, பாதாம், ஓட்ஸ் பால் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஓட்ஸ் பாலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருப்பதால் குழாயில் பசைபோல ஒட்டும், துடைக்கத் தாமதிக்கவே கூடாது. பால் புரதம் ஒவ்வாதவருக்குச் சோயா பால் நுரைக்கும்போது, முன்பு பசும்பாலில் இருந்த குழாயைத் துடைத்து ஊதியது மட்டும் போதும் என்று உத்தரவாதம் தர முடியாது. உள்ளே படிவு இருந்தால் அது அப்படியே போய்ச் சேரும். ஆவி பட்டால் கிருமி சாகலாம், ஒவ்வாமை தரும் புரதம் போய்விடாது. அப்படிப்பட்டவருக்கு நுரைக்காத பானம் தருவதே யோக்கியம்.

அழுத்தமானி சரியாக இருந்தும் ஆவி மெலிந்தால் முனையில் அடைப்பு. முனையைக் கழற்றிவிட்டு, விலகி நின்று, சற்றே திறந்து பார்த்தால் ஆவி பலமாக வருமானால் இது உறுதி. அப்போதும் மெலிந்தே வந்தால் குழாயிலோ திருகிலோ கோளாறு. அழுத்தமானியே ஒன்றுக்குக் கீழே இறங்கி நின்றால்தான் ஹீட்டரையும் பிரஷர் சுவிட்சையும் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹீட்டர் மாற்றிவிட்டு, ஆவி அதே மாதிரி வருவதைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு.

இரவில் சில கடைகளில் ஒரு ஜக் தண்ணீரில் குழாயை மூழ்கவைத்து, மெஷினை அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் படிவு ஊறிக் கழன்றிருக்கும் என்ற எண்ணம். கோப்பைக்குக் கோப்பை குழாய்க்குள் சிறிதாக நடந்ததுதான் இப்போது பெரிதாக நடக்கிறது. பாய்லர் முழுவதும் ஆறும்போது அதன் மேற்பகுதியில் இருந்த ஆவியெல்லாம் தண்ணீராகி, பாய்லருக்குள்ளேயே வெற்றிடம் உண்டாகும். கடை மெஷின்களில் காற்றை உள்ளே விடும் வெற்றிடத் தடுப்பு வால்வு பெரும்பாலும் இருக்கும். அது ஒட்டிக்கொண்டு திறக்காவிட்டாலும், சின்ன மெஷினில் அது இல்லாவிட்டாலும், நீராவித் திருகு இலேசாகக் கசிந்தாலே போதும், ஜக்கில் இருப்பது பாய்லருக்குள் ஏறிவிடும். ஊறவைக்க வேண்டுமென்றால் முனையைக் கழற்றித் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், குழாயைக் காற்றில் தொங்கவிடுங்கள். பாய்லருக்குள் பால் போய்விட்டதை மறுநாள் வெந்நீர்க் குழாயைத் திறந்தாலே கண்டுபிடிக்கலாம். தண்ணீர் கலங்கி வரும், ஆவியில் கெட்ட பால் நாறும். அதற்குப் பின் பாய்லரை வடித்து, சுத்தம் செய்யும் மருந்தைக் கலந்து சூடேற்றி, வாடை போகும்வரை திரும்பத் திரும்பத் தண்ணீர் நிரப்பி வடிக்க வேண்டும். மெக்கானிக்குக்கு அது பாதி நாள் வேலை, கடைக்கு அன்று காபி கிடையாது.